பதினைந்தா, ஏழா?

ஒரே கட்டுரைக்கு ஒரு பேராசிரியர் 15 போடுகிறார், இன்னொருவர் 7 போடுகிறார். துறையில் இது தெரியவந்தால் முதலில் வரும் யோசனை எப்போதும் ஒன்றுதான்: "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடுங்க. 11 போட்டா யாருக்கும் வருத்தம் இல்ல." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பல இடங்களில் விதியே அப்படித்தான். ஆனால் இந்தத் தீர்வில் ஏதோ இடிக்கிறது. 15 போட்டவர் தாளில் எதையோ பார்த்திருக்கிறார். 7 போட்டவரும் எதையோ பார்த்திருக்கிறார். 11 என்ற எண்ணில் இருவர் பார்த்ததும் இல்லை. அதைவிட, இன்று மேசைக்கு வந்தது இந்த ஒரு தாள்தான். இருவரும் தனித்தனியே திருத்திக் கட்டிவைத்த மற்ற தாள்களில் இதே வித்தியாசம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

கல்லூரிகளில் பொதுத்தமிழ்த் தாள் திருத்துவதை எடுத்துக்கொள்வோம். முதலாண்டில் 240 மாணவர்கள். பாதித் தாள்கள் தமிழம்மாவிடம், பாதி தமிழய்யாவிடம். கட்டுரைக்கு 20 மதிப்பெண். (பள்ளித் தேர்வில் கட்டுரைக்கு 8 மதிப்பெண் என்றால் இந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றும். இருக்கிறது. 20-க்கு 8 வித்தியாசம் என்பது 8-க்கு 3 ஆகச் சுருங்கிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.) தலைப்பு: "நூலகங்களின் தேவை இன்று குறைந்துவிட்டதா?" விடைக்குறிப்பு வழக்கமானது. முன்னுரையும் முடிவுரையும் சேர்த்து 4, உட்தலைப்புகள் 2, கருத்து 8, மேற்கோள் 2, மொழிநடையும் பிழையின்மையும் 4. பார்த்தால் எல்லாம் தெளிவாக இருப்பதுபோலத்தான் தெரியும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் திருத்தும் அறையில் இருந்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதாக இராது.

பத்துத் தாள், இரண்டு பேனா

இருவரின் அளவுகோலையும் ஒன்றாக்க மாடரேஷன் என்று உட்காரும்போது முதல் வேலை பத்துத் தாள்களைப் பொறுக்குவது. மேலே கிடக்கும் பத்தை அப்படியே எடுத்தால் போதாது. இருவரும் சேர்ந்து கட்டைப் புரட்டி, பார்த்தவுடன் நன்றாகத் தெரிகிற மூன்று, சுமாரான நான்கு, தேறாது என்று தோன்றுகிற இரண்டு, எதிலும் சேராத வினோதமான ஒன்று என்று எடுப்பது நல்லது. அந்த வினோதமான தாள்தான் பெரும்பாலும் அதிகம் பேச வைக்கும். பெயரையும் பதிவெண்ணையும் மறைத்து வேறு எண் போட வேண்டும். சிவப்பு மை படுவதற்கு முன்பே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். முதலில் திருத்தியவர் போட்ட டிக்கும் ஓரத்தில் எழுதிய "நன்று" என்ற சொல்லும் கண்ணில் பட்டால், இரண்டாமவர் தன்னையறியாமல் அதன் பக்கம் சாய்வார். சில சமயம் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் போவார். இரண்டுமே நமக்கு வேண்டாம்.

பிறகு இருவரும் தனித்தனியே உட்கார்ந்து, விடைக்குறிப்பில் உள்ள ஐந்து இனங்களுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். மொத்தத்தை மனசில் முடிவுசெய்துகொண்டு இனவாரியாகப் பிரித்து நிரப்புகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அது நடக்காமலிருக்க, ஒவ்வொரு தாளுக்கும் அரை வரியில் காரணம் எழுதச் சொல்லலாம். "கேள்விக்குப் பதில் இல்லை", "நடை அருமை, பிழை அதிகம்" என்ற அளவு போதும். அந்த அரை வரிதான் பிறகு பேச்சைக் காப்பாற்றும்.

முடிந்ததும் பட்டியல் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்.

| தாள் | அம்மா | ஐயா | வித்தியாசம் |
|---|---|---|---|
| 1 | 14 | 11 | 3 |
| 2 | 12 | 8 | 4 |
| 3 | 16 | 13 | 3 |
| 4 | 11 | 8 | 3 |
| 5 | 13 | 11 | 2 |
| 6 | 15 | 7 | 8 |
| 7 | 9 | 6 | 3 |
| 8 | 17 | 13 | 4 |
| 9 | 12 | 15 | −3 |
| 10 | 11 | 7 | 4 |

அம்மாவின் சராசரி 13. ஐயாவின் சராசரி 9.9. "ஐயா ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று சொல்லிப் பட்டியலை மடித்துவைப்பதுதான் வழக்கம். மடிக்காமல் கடைசி வரிசையை மட்டும் இன்னொரு முறை மேலிருந்து கீழாகப் பாருங்கள். எட்டுத் தாள்களில் வித்தியாசம் 2-லிருந்து 4-க்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு தாள்கள் மட்டும் அடங்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் இது ஒரு பிரச்சினை இல்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பிரச்சினைகள். அடங்கிய எட்டுத் தாள்களில் இருவரும் ஒரே வரிசையைத்தான் பார்க்கிறார்கள்: எது நல்ல தாள், எது சுமார் என்பதில் சண்டையே இல்லை, அளவுகோல் தொடங்கும் இடம்தான் வேறு. 6-லும் 9-லும் வரிசையே கலைகிறது. அம்மாவுக்கு 6-ஆம் தாள் கட்டிலேயே மூன்றாவது சிறந்த கட்டுரை. ஐயாவுக்கு அது கடைசிக்குப் பக்கத்தில். ஐயாவுக்கு எல்லாவற்றிலும் சிறந்தது 9. அம்மாவுக்கு அது நடுத்தரத்துக்கும் கீழே. கறாரைத் தளர்த்துவதால் இது சரியாகாது. இருவரும் வேறு வேறு பொருளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறாம் தாள்

அந்தத் தாளைப் பிரித்துப் பார்ப்போம். ஐந்து பக்கம். முத்துமுத்தான கையெழுத்து. "முன்னுரை, நூலகத்தின் தோற்றம், நூலக வகைகள், நூலகத்தின் பயன்கள், முடிவுரை" என்று அடிக்கோடிட்ட தலைப்புகள். குறள் ஒன்று, பாரதி வரி ஒன்று. பிழை அதிகமில்லை. ஆனால் இது "நூலகத்தின் பயன்" என்று பள்ளியில் மனப்பாடம் செய்த கட்டுரை. "தேவை குறைந்துவிட்டதா?" என்ற கேள்வியை அந்த மாணவர் தொடவே இல்லை, முடிவுரையில் "எனவே நூலகம் இன்றியமையாதது" என்று ஒரு வரியில் தட்டிவிட்டுப் போனதைத் தவிர.

இனவாரியாக அம்மா போட்டது: முன்னுரை முடிவுரைக்கு 3, உட்தலைப்பு 2, கருத்து 5, மேற்கோள் 2, மொழி 3. ஐயா போட்டது: 2, 1, 1, 0, 3. மொழிக்கு இருவரும் ஒரே மதிப்பெண். அதாவது இருவரும் ஒரே தாளைத்தான் படித்திருக்கிறார்கள், கவனக்குறைவு ஏதும் இல்லை. ஐயாவின் வரிசையை இன்னும் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். கேள்விக்குப் பதில் இல்லை என்பது ஒரு குறை. அதற்காகக் கருத்தில் வெட்டியது நியாயம். ஆனால் அதே குறைக்காக மேற்கோளிலும் வெட்டி, உட்தலைப்பிலும் வெட்டி, முன்னுரையிலும் வெட்டியிருக்கிறார். ஒரு குற்றத்துக்கு நான்கு இடத்தில் அபராதம். அம்மாவிடம் இதே தவறு தலைகீழாக நடந்திருக்கிறது. தாளின் ஒழுங்கும் கையெழுத்தும் முதல் பக்கத்திலேயே நல்ல எண்ணத்தை ஏற்படுத்திவிட, அந்த ஒரே நிறைவு எல்லா இனங்களிலும் கூலி வாங்கிவிட்டது. இல்லாவிட்டால் கேள்வியைத் தொடாத கட்டுரையின் கருத்துக்கு 8-இல் 5 வர வழியில்லை.

ஒன்பதாம் தாளில் கதை வேறு. இரண்டே பக்கம், தலைப்பு எதுவும் இல்லை, ஆனால் நேராகக் கேள்விக்கு வருகிறது: புத்தகம் கைபேசியில் கிடைக்கிறது, உண்மைதான், ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கிளை நூலகத்துக்கு வருவது புத்தகத்துக்காக இல்லை, வீட்டில் இல்லாத மேசைக்கும் மின்விசிறிக்கும் அமைதிக்கும்தான், ஆகவே தேவை குறையவில்லை, மாறியிருக்கிறது என்று வாதிடுகிறது. கருத்துக்கு அம்மாவும் 7, ஐயாவும் 7. முன்னுரை முடிவுரைக்கு இருவரும் 3, மேற்கோளுக்கு இருவரும் 1. உட்தலைப்புக்கு அம்மா 0, ஐயா 1. மொழிக்கு அம்மா 1, ஐயா 3. பாருங்கள், சண்டை பெரும்பாலும் பிழையில்தான். அந்த மாணவர் "படிப்பதற்க்கு", "செல்வதற்க்கு" என்று றகரத்துக்குப் பின்னால் ககர ஒற்றைப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். அதே பிழை 11 இடத்தில். அம்மா ஒவ்வொன்றையும் சுழித்து எண்ணினார். ஐயா அதை ஒரு பிழை என்று எடுத்துக்கொண்டார். விடைக்குறிப்பு "பிழையின்மை" என்று மட்டும் சொல்கிறது, எப்படி எண்ணுவது என்று சொல்லவில்லை. உட்தலைப்பு என்றால் அடிக்கோடிட்ட தலைப்பா, பத்தி பிரித்து ஒழுங்காகச் சொன்னாலே போதுமா என்றும் சொல்லவில்லை.

ஆக, ஆசிரியர்களின் குணத்தில் தேடிக்கொண்டிருந்த வித்தியாசம் விடைக்குறிப்பின் ஓட்டைகளில் இருந்தது. இது நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பால் டீடரிக்கும் அவர் சகாக்களும் 1961-இல் வெளியிட்ட ஆய்வில் 300 மாணவர் கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். வாசித்தவர்களில் ஆங்கில ஆசிரியர்களோடு விஞ்ஞானிகள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள், பதிப்பாசிரியர்கள், தொழில் நிர்வாகிகளும் இருந்தார்கள். எதைப் பார்த்துத் தரம் பிரிப்பது என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் வாங்கின. அதாவது ஒவ்வொரு தரத்துக்கும் யாரோ ஒருவர் அந்தக் கட்டுரையை உரியதாகக் கருதினார். ஆய்வாளர்கள் அத்தோடு விடாமல் யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தபோது, கருத்தைப் பார்ப்பவர்கள், பிழையைப் பார்ப்பவர்கள், அமைப்பைப் பார்ப்பவர்கள், சொல்லாட்சியைப் பார்ப்பவர்கள், எழுதியவரின் தனித்தன்மையைப் பார்ப்பவர்கள் என்று ஐந்து சாய்வுகள் தெரிந்தன. நம் அம்மாவையும் ஐயாவையும் அந்தப் பட்டியலில் எங்கே வைப்பது என்று 6-ஆம் தாளையும் 9-ஆம் தாளையும் வைத்தே சொல்லிவிடலாம்.

பேசும் முறை

உட்கார்ந்து பேசும்போது எட்டுத் தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு 6-ஐயும் 9-ஐயும் மட்டும் எடுக்க வேண்டும். பேச வேண்டியது மொத்தத்தைப் பற்றி இல்லை, இனத்தைப் பற்றி. "இதுக்குப் போயி எப்படிம்மா 15 போட்டீங்க?" என்று தொடங்கினால் அது மானப் பிரச்சினையாகிவிடும். "கருத்துக்கு 5 போட்டிருக்கீங்க, எந்தப் பத்தியைப் பாத்துப் போட்டீங்கம்மா?" என்று கேட்டால் இருவரும் தாளைப் பார்ப்பார்கள். இன்னொன்று, பணியில் இளையவர் முதலில் பேச வேண்டும். மூத்தவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால், "நீங்க சொன்னா சரிதான் ஐயா" என்பதோடு மாடரேஷன் முடிந்துவிடும். அன்று மேசையில் ஒற்றுமை இருக்கும். மறுநாள் தனியாகத் திருத்தும்போது இளையவர் பழையபடியே போடுவார்.

பேச்சின் முடிவு ஒரு மதிப்பெண்ணாக மட்டும் இருக்கக் கூடாது. விடைக்குறிப்பில் சேர்க்க ஒரு வரியாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தாள்களிலிருந்து நான்கு வரிகள் வருகின்றன. ஒன்று, கேள்வியில் உள்ள வினாவுக்கு விடையளிக்காமல் தலைப்பைப் பற்றிப் பொதுவாக எழுதினால் கருத்துக்கு அதிகபட்சம் 3. அந்தக் குறைக்காக உட்தலைப்பிலோ மொழியிலோ மீண்டும் குறைக்கக் கூடாது. இரண்டு, மேற்கோள் வாதத்தோடு சேர்ந்தால்தான் மதிப்பெண். மூன்று, ஒரே வகைப் பிழை எத்தனை முறை வந்தாலும் ஒரு பிழை. நான்கு, அடிக்கோடிட்ட தலைப்பு இல்லாமல் பத்தி ஒழுங்கு மட்டும் இருந்தால் உட்தலைப்புக்கு 1.

இந்த வரிகளை வைத்து 6-ஆம் தாளை மறுபடி போட்டால் முன்னுரை முடிவுரைக்கு 2 (முன்னுரை கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் இருவரும் உடன்பட்டார்கள்), உட்தலைப்பு 2, கருத்து 3, மேற்கோள் 0, மொழி 3. மொத்தம் 10. ஒன்பதாம் தாளுக்கு 3, 1, 7, 1, 2. மொத்தம் 14.

இங்கே ஒருவர் சிரிக்கலாம். சராசரி போட்டிருந்தால் 6-க்கு 11, 9-க்கு 13.5. இவ்வளவு பேசி வந்தது அதே இடத்துக்குத்தானே? இந்த இரண்டு தாள்களுக்கு மட்டும் என்றால் ஆமாம். இரண்டு மதிப்பெண் கையில் இருக்கும்போது சராசரி பெரிய அநியாயம் செய்துவிடாது. ஆனால் மீதி 230 தாள்களுக்குச் சராசரி எடுக்க இரண்டு மதிப்பெண் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. மனப்பாடக் கட்டுரை எழுதிய ஒருவரின் தாள் அம்மாவின் கட்டில் விழுந்தால் 15, ஐயாவின் கட்டில் விழுந்தால் 7. எந்தக் கட்டில் விழுவது என்பது வகுப்புப் பிரிவு சம்பந்தப்பட்ட விஷயம். மாடரேஷன் இந்தப் பத்துத் தாள்களுக்காக நடப்பதில்லை. ஒருவர் மட்டுமே பார்க்கப்போகும் தாள்களுக்காக நடக்கிறது. மூன்றாவது மதிப்பீட்டுக்கு அனுப்புவதிலும் இதே குறை உண்டு. பல பல்கலைக்கழகங்களில் முதுநிலைத் தாள்களை இருவர் திருத்தி, வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் மூன்றாமவரிடம் போகிறது. அவர் அந்தத் தாளின் தகராறைத் தீர்ப்பார். விடைக்குறிப்பின் ஓட்டை அடுத்த கட்டிலும் அப்படியே இருக்கும். முந்தைய இரண்டு மதிப்பெண்களும் அவர் கண்ணில் பட்டுவிட்டால் நடுவில் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடவும் செய்வார்.

மூன்று மதிப்பெண்ணைக் கூட்டிவிடலாமா?

எட்டுத் தாள்களின் கதை எளிது என்று தோன்றும். ஐயாவின் கட்டு முழுவதற்கும் 3 கூட்டிவிட்டால் போச்சு. அவசரப்பட வேண்டாம். முதலில், ஐயா கறாரா, அம்மா தாராளமா என்று இந்தப் பட்டியலை வைத்துச் சொல்லவே முடியாது. அதற்கு இருவரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட மாதிரித் தாள்கள் வேண்டும். கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று எடுத்து, விடைக்குறிப்பை வரிவரியாக வைத்து ஒன்றாகப் போட வேண்டும். 7-ஆம் தாளுக்கு 7, 5-ஆம் தாளுக்கு 12, 8-ஆம் தாளுக்கு 16 என்று முடிவானதாக வைத்துக்கொள்வோம். அம்மா போட்டிருந்தது 9, 13, 17. சற்றுத் தாராளம், அதுவும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூடுதல். ஐயா போட்டிருந்தது 6, 11, 13. கீழேயும் நடுவிலும் 1 குறைவு, மேலே போனால் 3 குறைவு. அவர் பொதுவாகக் கறார் இல்லை, நல்ல தாளுக்கு மேல்படியைத் திறக்க மறுக்கிறார். 18, 19 எல்லாம் புலவர்களுக்கு என்று நினைக்கிற தமிழாசிரியர்கள் நம்மிடம் நிறையவே உண்டு. எல்லாருக்கும் 3 கூட்டினால் 6 வாங்கியவர் 9 ஆகிவிடுவார், அது அவருக்கு இரண்டு மதிப்பெண் தானம். எழுதாமல் விட்டவரின் 0-வும் 3 ஆகும்.

கணக்கு போட்டு மதிப்பெண்ணை இழுக்கும் இந்த வேலை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உத்தரப் பிரதேச அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதி தேர்வு தொடர்பான சஞ்சய் சிங் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது. வெவ்வேறு விருப்பப் பாடம் எடுத்தவர்களை ஒரே தரவரிசையில் வைக்கத்தான் ஸ்கேலிங் என்ற இந்தக் கணக்கு. எல்லாரும் எழுதும் பொதுத்தாளைப் பல தேர்வாளர்கள் திருத்தும்போது ஏற்படும் வித்தியாசத்துக்கு ஏற்றது மாடரேஷன்: தலைமைத் தேர்வாளரோடு கூடி விடைகளையும் மதிப்பெண் பகிர்வையும் முடிவுசெய்வது, மாதிரித் தாள்களைத் திருத்திப் பார்ப்பது, திருத்தியவற்றில் சிலவற்றைத் தலைமைத் தேர்வாளர் மறுபடி பார்ப்பது, தேவைப்பட்டால் ஏற்றவோ இறக்கவோ செய்வது, மிகவும் தாறுமாறாக இருந்தால் வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வது. ஏற்றி இறக்குவதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. ஆனால் அது மாதிரிகளைப் பார்த்த பிறகு வரும் படி.

நம் கட்டில் அதன் பொருள்: ஐயா கட்டு முழுவதையும் ஏற்கெனவே திருத்தியிருந்தால், 12-க்கு மேல் போட்ட தாள்களை மட்டும் எடுத்து மேல்மாதிரியின் பக்கத்தில் வைத்துத் திரும்பப் பார்ப்பது போதும். அம்மா 10-க்குக் கீழே போட்டவற்றைப் பார்க்கலாம். இன்னும் திருத்தவில்லை என்றால் மூன்று மாதிரிகளின் நகலை மேசையில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். கட்டைத் தொடும் முன் புதிதாக ஐந்து தாள்களை இருவரும் தனியே திருத்திப் பார்க்கலாம். வித்தியாசம் 2-க்குள் வந்தால் பிரிந்து போய் வேலையைத் தொடங்கலாம். வராவிட்டால் இன்னொரு ஓட்டை இருக்கிறது, தேட வேண்டும்.

அதன் பிறகு கெடுவது இரண்டு விதமாக. முதலாவது, நகர்வு. காலையில் போட்ட கை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படியே இருக்காது. சிலர் களைப்பில் கறாராவார்கள், சிலர் தாராளமாவார்கள். இதற்கு வழி, ஏற்கெனவே மதிப்பெண் முடிவான இரண்டு தாள்களின் நகலை வேறு எண்ணோடு கட்டின் நடுவிலும் கடைசியிலும் செருகிவைப்பது. கையெழுத்தை நினைவு வைத்திருப்பார்கள் என்பதால் மூன்று மாதிரிகளையும், பேசிப் பேசி மனப்பாடமான 6-ஐயும் 9-ஐயும் விட்டுவிட்டு வேறு இரண்டை எடுக்க வேண்டும். இரண்டாவது கோளாறு கண்டுபிடிக்கக் கடினமானது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு இருவரும் தகராறுக்கு அஞ்சி நடுவில் ஒதுங்கிவிடுவார்கள். எல்லாருக்கும் 11, 12, 13. வித்தியாசம் 1-க்குள் வந்துவிடும், துறைத்தலைவருக்கு மகிழ்ச்சி. ஆனால் 9-ஆம் தாளுக்கும் 6-ஆம் தாளுக்கும் இடையிலான தூரமும் சேர்ந்தே காணாமல் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க வித்தியாசத்தோடு பரப்பையும் பார்க்க வேண்டும். மாடரேஷனுக்கு முன் அம்மாவின் மதிப்பெண்கள் 9-லிருந்து 17 வரை பரவியிருந்தன, ஐயாவுடையவை 6-லிருந்து 15 வரை. பிறகு இருவரின் கட்டிலும் மிகக் குறைந்ததும் மிக அதிகமும் நான்கைந்து மதிப்பெண்ணுக்குள் அடங்கிவிட்டால், ஒத்துப்போவது போலத் தெரிவது உண்மையில் ஒத்துப்போனது இல்லை.

எல்லாம் செய்த பிறகும் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வித்தியாசம் மிஞ்சும். கட்டுரையில் அதைத் துடைத்தெடுக்க முயல்வது வீண் வேலை. அந்த இரண்டு மதிப்பெண் யாருக்குக் கணக்காகும் என்று பார்த்தால் போதும். மொத்தத் தாளில் தேர்ச்சிக் கோட்டுக்கு இரண்டு மதிப்பெண் மேலேயும் கீழேயும் நிற்பவர்களின் தாள்களை மட்டும் தனியே எடுத்து, முதல் மதிப்பெண்ணை மறைத்து, மற்றவரிடம் கொடுத்துக் கட்டுரையைத் திருத்தச் சொல்லலாம். மதிப்பெண் பட்டியல் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். போன பிறகு ஒரு எண்ணை மாற்றுவதற்கு எழுத வேண்டிய கடிதங்கள் எத்தனை என்று தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.